மைனர் பையன் ஓட்டினான், ஆர்சி சித்தப்பா பெயரில்: 199ஏ வழக்கில் பார்த்தது

வக்கீல் குமாஸ்தா: பையனுக்கு 16 வயசு, வண்டி 110 சிசி ஸ்கூட்டர், ஆர்சி சித்தப்பா பெயரில். சோதனையில் நிறுத்தினதும் அப்பா ஓடி வந்து, "பக்கத்துக் கடைக்குத்தான் சார் அனுப்பினேன்" என்று எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். கெஞ்சுவதாக நினைத்துச் சொன்ன வார்த்தை அது. ஆனால் மைனர் ஓட்டினால் பெற்றோரை அல்லது வண்டி உரிமையாளரைக் குற்றவாளியாக எடுத்துக்கொள்ளும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் தப்ப இருக்கிற வழியே, எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது நான் தடுக்க வேண்டிய அளவு தடுத்தேன் என்று நிரூபிப்பதுதான். பெற்றோர் சம்மதம் இருந்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் பொறுப்பு நம்முடையது. சாவி எங்கே இருந்தது, எடுத்தது எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள், இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்: அதிகமா பயமுறுத்தாதீங்க. 16 ஆனா எல்எல்ஆர் எடுக்கலாம், எடுத்துட்டா 199ஏ வராது.

வக்கீல் குமாஸ்தா: பாதி சரிண்ணா. 18 ஆகும் வரை கிடைக்கிற எல்எல்ஆர் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான். எந்த வண்டிக்கு எல்எல்ஆரோ அதை ஓட்டினால்தான் பெற்றோருக்கு விலக்கு. 110 சிசியில் போனால் அந்த அட்டை உதவாது.

மதுரைக்காரி: என் பொண்ணுக்கு 15. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாத பேட்டரி வண்டி. எனக்கும் கேஸ் வருமா?

வக்கீல் குமாஸ்தா: அது வேறம்மா. அந்த வரம்புக்குள் சான்று பெற்ற வண்டி மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது, லைசென்ஸ் வேண்டாம். கடையில் வேகப் பூட்டை எடுத்துவிட்டிருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

சேலத்து அப்பா: 5,000 கட்டினா முடிஞ்சிடும்னு சொல்றாங்களே?

வக்கீல் குமாஸ்தா: எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 5,000 என்பது 180, 181 பிரிவுகள்: லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது. 199ஏ இருந்தால் ஸ்பாட்டில் கட்டி முடிக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான். அபராதம் 25,000, சிறை 3 ஆண்டு வரை. ஆர்சி 12 மாதம் ரத்து. இங்கே பாவம், அடிபடுவது சித்தப்பாவின் வண்டி.

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்: பையனோட லைசென்ஸ்?

வக்கீல் குமாஸ்தா: 25 வயது முடியும் வரை எல்எல்ஆர்கூட எடுக்க முடியாது. பதினாறில் பிடிபட்டாலும் பதினேழரையில் பிடிபட்டாலும் அதே 25தான்.

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்: கேஸ் முடியாம இருக்கும்போதே 18 ஆயிட்டா?

வக்கீல் குமாஸ்தா: குற்றம் செய்திருந்தால்தான் தடை, அதனால் தீர்ப்புக்கு முன் விண்ணப்பிக்கலாம் என்பது என் வாதம்.

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்: கவுன்ட்டர்ல கேஸ் நம்பரைப் பார்த்துட்டு, முடிச்சிட்டு வான்னு ஒரு பையனைத் திருப்பி அனுப்பினாங்க. உங்க வாதத்தை அங்க யாரும் கேக்கல.