வேற ஆஸ்பத்திரியில காட்டப் போறோம்னு முதல் டாக்டர்கிட்ட சொன்ன அனுபவம் இருக்கா?

தெற்குவாசல்

அம்மாவுக்கு மார்புல புற்றுநோய்க் கட்டி. ஊசி பயாப்ஸி, மாமோகிராம் எல்லாம் முடிஞ்சு எங்க ஊர் சர்ஜன் அடுத்த வியாழன் ஆபரேஷன்னு தேதியும் கொடுத்துட்டார். கட்டி மூணரை சென்டிமீட்டர், அக்குள்லயும் நெறி கட்டியிருக்கு. ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர்னு ஹார்மோன் டெஸ்ட் ரெண்டும் நெகட்டிவ், ஹெர்-டூங்கற புரதம் மட்டும் 2 பிளஸ், அதாவது பாசிட்டிவா நெகட்டிவான்னு சொல்ல முடியாத நடு நிலை. அதுக்குக் கீழ பொடி எழுத்துல, ஃபிஷ் டெஸ்ட் செஞ்சு உறுதிப்படுத்தணும்னு ஒரு வரி. ஆபரேஷன் முடிஞ்சு பார்த்துக்கலாம்னார் டாக்டர். அண்ணனுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சென்னையில ஒரு தடவை கேட்டுடுவோம்னான்.

அம்மா, "சொல்லாமப் போயிடலாம்டி, அவர் மனசு சங்கடப்படும்"னு ஒரே பிடிவாதம். நான்தான் போய்ச் சொன்னேன். "சார், ஆபரேஷன் உங்ககிட்டதான். அதுக்கு முன்னாடி சென்னையில ஒருக்கா காட்டிட்டு வந்துடறோம். ரிப்போர்ட், ஸ்லைடு எல்லாம் கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும்." மருந்துச் சீட்டு எழுதிட்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். தலையைத் தூக்கவே இல்லை. "எதுக்கு?" அப்படின்னார். நான் அந்தப் பொடி எழுத்து வரியைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் லெட்டர்பேடை இழுத்து, என்ன நோய், இதுவரை என்ன செஞ்சாங்க, என்ன செய்யறதா இருக்காங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு லேபுக்குப் போன் பண்ணார். "ஸ்லைடு மட்டும் பத்தாது, பிளாக்கையும் கொடுத்து விடுங்க." பிளாக்னா பயாப்ஸித் திசுவை மெழுகுல பதிச்சு வெச்ச துண்டு.

சென்னையில கவுண்டர்லயே முதல் கேள்வி, பிளாக் எங்கேன்னுதான். அதுலயே ஃபிஷ் பண்ணாங்க, பாசிட்டிவ். கத்தியை வைக்கிறதுக்கு முன்னாடி கீமோவும் ஹெர்-டூ மருந்தும் போட்டுக் கட்டியைச் சுருக்கணும், மருந்துல கட்டி கரைஞ்சுட்டா இடம் தெரியாமப் போகும், அதனால உள்ளே ஒரு சின்ன கிளிப் வைக்கணும்னு சொல்லி, எங்க சர்ஜனுக்கே பதில் கடிதம் கொடுத்து அனுப்பினாங்க. மருந்தெல்லாம் எங்க ஊர் மதுரையிலயே ஏறுச்சு. ஆபரேஷனும் அவரேதான் பண்ணார். அம்மா நல்லா இருக்காங்க. ஆனா அந்த "எதுக்கு?" கோபமா, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டதான்னு எனக்கு இன்னும் புரியலை.

வக்கீல் குமாஸ்தா

இவ்வளவு பவ்யமா எதுக்குக் கேட்கணும்? மருத்துவக் கவுன்சிலோட 2002 விதிப்படி, நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களைக் கொடுத்தே ஆகணும். பிளாக்கும் அதுல அடக்கம். என் மச்சானுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நேரா ரெக்கார்டு செக்‌ஷன்ல எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு இழுத்தாங்க. 72 மணி நேரம்னு சொன்னதும் டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்துச்சு. ஸ்கேன் சிடி வரலைங்கிறது வேற விஷயம்.

பழைய லேப்காரன்

குமாஸ்தா சார், 72 மணி நேரம் சரி. ஆனா அந்த விதி சொல்றது மருத்துவ ஆவணங்களை. பிளாக் பத்தி அதுல பேச்சே இல்லை. அது உடம்புத் திசு. லேப் அதைப் பாதுகாத்து வைக்கணும்னு பொறுப்பு இருக்கு, அதனால டாக்டர் கடிதமும் வாங்கறவர் கையெழுத்தும் கேட்போம், மிச்சத்தைத் திருப்பித் தரச் சொல்லுவோம். தெற்குவாசல் சொன்ன அந்த ஒரு போன்கால்தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலையைச் சுலபமாக்கும்.

நான் வேலை பார்த்தப்போ ஒரு பையன் அப்பாவோட ஸ்லைடுகளைக் கைக்குட்டையில சுத்திச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டான். போய் இறங்கினா ரெண்டு நொறுங்கிக் கிடக்கு. நல்லவேளை, பிளாக் இருந்துச்சு, புதுசா சீவி எடுத்துக்கிட்டாங்க. சாயம் போட்ட கண்ணாடியில வேற டெஸ்ட் செய்யறது கஷ்டம். மெழுகுக்குள்ள இருக்கிற திசுவை மறுபடி மறுபடி மெல்லிசாச் சீவலாம். ஆனா ஊசி பயாப்ஸியில வர்றதே நூல் மாதிரித் துண்டு. ரெண்டு மூணு இடத்துல ஆளாளுக்குச் சீவினா தீர்ந்துடும், அப்புறம் மறுபடி ஊசிதான். அதனால நாலு ஆஸ்பத்திரிக்கு அலையாம, நம்பிக்கையான ஒரு இடத்துக்குக் கொண்டு போங்க. வாங்கும்போது பிளாஸ்டிக் கூட்டுல எழுதியிருக்கிற நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒண்ணான்னு அங்கேயே பாருங்க. சித்திரை வெயில்ல பூட்டின கார்ல வெச்சுட்டுச் சாப்பிடப் போகாதீங்க, மெழுகு இளகிடும்.

ஈரோட்டுக்காரி

எங்க மாமனாருக்கு ஆஞ்சியோ. மூணு அடைப்பு, பைபாஸ்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லவே கூடாதுன்னு பிரிண்ட் போட்ட படத்தை மட்டும் எடுத்துக்கிட்டுக் கோயம்புத்தூர் வந்தோம். அந்த டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. "இதுல ரத்தம் ஓடறது தெரியாதுங்க, ஓடற படம் வேணும், சிடி எங்கே?"ன்னார். எங்க முன்னாடியே முதல் டாக்டருக்குப் போன் போட்டு, "மச்சி, உன் பேஷண்ட் இங்க உட்கார்ந்திருக்காங்க"ங்கறார். ரெண்டு பேரும் ஒரே காலேஜாம்! எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்க்கணுமே. சிடி வந்து பார்த்துட்டு இவரும் பைபாஸ்தான்னுட்டார். வாங்கின சிடியை வேற கம்ப்யூட்டர்ல போட்டு ஓடுதான்னு பார்த்துட்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வாங்க.

நடுவுல ஒருத்தன்

எனக்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. தங்கச்சி தைராய்டு கட்டிக்கு ரெண்டு இடம் காட்டினோம், ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னாங்க. ஆனா தெற்குவாசலுக்கு ஒண்ணு சொல்லணும். முதல் டாக்டர் என்ன செய்யப் போறார்ங்கறதைக் கடிதத்துல எழுதி வாங்கிட்டுப் போனீங்க பாருங்க, அது எனக்குச் சரியாப் படலை. அதைப் படிச்சுட்டா இரண்டாவது ஆள் அதுக்கு ஆமாம் இல்லைன்னு மட்டும்தான் யோசிப்பார். நாங்க ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் கொடுத்து, நீங்களா என்ன செய்வீங்கன்னு கேட்டோம். அவர் சொல்லி முடிச்சப்புறம்தான் முதல்ல சொன்னதை எடுத்து வெச்சோம். அப்புறம், டாக்டர்கிட்ட சொல்றதுக்கும் நேரம் பார்க்கணும். வெளியே முப்பது பேர் டோக்கனோட நிக்கிறப்போ சொல்லாதீங்க, ஓ.பி. முடியற நேரத்துல போங்க. கேட்கிறதை ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க: கடிதம், பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்லைடு, பிளாக், ஸ்கேன் சிடி, இப்போ சாப்பிடற மாத்திரை. நர்ஸம்மாகிட்ட அந்தத் தாளைக் கொடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. குடும்பமே திரண்டு போகாதீங்க, ஒருத்தர் பேசினாப் போதும். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை"ன்னு ஆரம்பிக்காதீங்க, அப்படிச் சொன்னாலே இல்லைன்னுதான் கேட்கும்.

பழைய லேப்காரன்

திட்டத்தை மறைக்கலாம் தம்பி, செஞ்சதை மறைக்கக் கூடாது. எந்தத் தேதியில பயாப்ஸி எடுத்தாங்க, மருந்து ஏதாவது ஆரம்பிச்சாச்சா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாரா, இதெல்லாம் இல்லாம ரெண்டாவது டாக்டர் குருட்டாம்போக்குலதான் சொல்லணும்.

தெற்குவாசல்

நடுவுல ஒருத்தன், எங்களுக்கு அந்தக் கடிதம் இல்லைன்னா சென்னையில ஆபரேஷன் தேதி குறிச்சிருக்கிறதே தெரிஞ்சிருக்காது. அதைப் பார்த்துத்தான் அவசரமா ஃபிஷ் போட்டாங்க.

நடுவுல ஒருத்தன்

தேதியை வாயால சொல்லியிருக்கலாமே.

கீழவீதி ராஜி

ஒரு சந்தேகம். முதல் ஆஸ்பத்திரியில முதலமைச்சர் காப்பீட்டுல அனுமதி வாங்கி வெச்சுட்டாங்க. இப்போ வேற இடம் போனா அங்கே கவுண்டர்ல, பழைய அனுமதியை ரத்து பண்ணிட்டு வாங்கங்கறாங்க. அதைக் கேட்கப் போனா டாக்டருக்குத் தெரியாம இருக்காது. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட நானே சொல்லிடறதா, இல்லை காப்பீட்டு கவுண்டர்ல முதல்ல பேசறதா? யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க, திங்கக்கிழமை போகணும்.