உதவி: கேஸ் கேள்வியில் "வளர்ச்சி நிலை" என்று எழுதினால் ஏன் தப்பு?

கடைசிபெஞ்ச்
நாளை மறுநாள் மார்க்கெட்டிங் பேப்பர். மாதிரித் தேர்வில், ஒரு பொருள் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவுன்னு நாலு நிலையா போற பிராடக்ட் லைஃப் சைக்கிள் பத்தி கேஸ் ஒன்று வந்தது. விற்பனை அஞ்சு வருஷமும் ஏறிக்கிட்டே இருக்கு, அதனால வளர்ச்சி நிலைன்னு எழுதி, பொருள், விலை, இடம், விளம்பரம்னு நாலு பி-யும் எழுதினேன். 8க்கு 3 தான் போட்டிருக்காங்க. ஏறினா வளர்ச்சிதானே? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

வரைபடம்
எண்கள் எங்கே? "ஏறுது" என்றால் எவ்வளவு ஏறுது? லாபம் கொடுத்திருந்தார்களா? போட்டியாளர்கள் எத்தனை பேர்? இது இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நாலுபி
கேள்வி எப்படிக் கேட்டிருந்தது? "நிலையைக் கண்டறிக" மட்டுமா, "மார்க்கெட்டிங் கலவையில் மாற்றங்களைப் பரிந்துரைக்க" என்றும் இருந்ததா? மதிப்பெண் எப்படிப் பிரிந்திருந்தது?

பழையபேனா
விற்பனைக் கோடு மேலே போனாலே வளர்ச்சி என்று எழுதுபவர்கள் வருஷா வருஷம் வருகிறார்கள். முதிர்ச்சி நிலையின் முதல் பாதியிலும் கோடு மேலேதான் போகும். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கடைசிபெஞ்ச்
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். மின் பல்துலக்கி செய்யும் ஒரு நிறுவனம். விற்பனை ஆயிரத்தில்: 20, 48, 90, 108, 113. லாபம் லட்சத்தில்: முதல் வருஷம் 6 நஷ்டம், அப்புறம் 4, 21, 19, 14. போட்டியாளர்கள் 1, 3, 9, 14, 12. விலை 3ஆம் ஆண்டில் 100, இப்போ 75. மருந்துக்கடைகளில் மட்டும் விற்கிறாங்க. வாங்குறவங்க 10 பேரில் 6 பேர் பழசை மாத்துறவங்க. (அ) நிலையும் இரண்டு காரணமும், 3 மதிப்பெண். (ஆ) மார்க்கெட்டிங் மிக்ஸ் மாற்றங்கள், 5 மதிப்பெண்.

வரைபடம்
இப்போது பேசலாம். விற்பனையைப் பார்க்காதே, விற்பனை கூடும் வேகத்தைப் பார். ஒவ்வொரு ஆண்டுக்கும் இதைப் போடு:

```
(113 − 108) ÷ 108 × 100 = 4.6
```

இப்படிப் போட்டால் 140%, 87.5%, 20%, 4.6% என்று வரும். 3ஆம் ஆண்டு வரை பாய்ச்சல். 4இல் பிரேக். 5இல் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. இத்தோடு லாபத்தையும் சேர்த்துப் பார்: உச்சம் 3ஆம் ஆண்டு, 21 லட்சம். விற்பனை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே லாபம் இறங்க ஆரம்பித்துவிட்டது. லாபக் கோடு விற்பனைக் கோட்டுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுத் திரும்புவதுதான் வளர்ச்சி முடிந்து முதிர்ச்சி வந்ததற்கு அடையாளம். நுழைந்தவர்கள் விலையைக் குறைத்து அடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. போட்டியாளர் 14இலிருந்து 12 ஆனதும் அதே கதைதான்: பலவீனமானவர்கள் கழன்றுகொள்கிறார்கள்.

ஆனால் ஒரு முக்கியமான கேள்வி. இந்த விற்பனை நிறுவனத்துடையதா, மொத்தச் சந்தையுடையதா? நிறுவனத்துடையது என்றால் சந்தை எண் எங்காவது இருக்கும். கேஸின் கடைசி வரியைப் பார்.

கணக்குப்புலி
எனக்கு இது சரிவு நிலை. 90 ஆயிரம் × 100 = 90 லட்சம். 113 ஆயிரம் × 75 = 84.75 லட்சம். விற்பனை வருமானம் குறைந்திருக்கிறது, லாபமும் குறைந்திருக்கிறது. இரண்டும் குறைந்தால் சரிவுதானே?

வரைபடம்
நல்ல கண். இந்தக் கேஸில் பதுங்கியிருக்கும் பொறியே அதுதான். ஆனால் முடிவு தப்பு. வருமானம் குறைந்தது விலை கால்வாசி குறைந்ததால், வாங்க ஆள் இல்லாததால் அல்ல. எண்ணிக்கை இன்னும் கூடுகிறது. சரிவு என்றால் மக்கள் வேறு பொருளுக்குப் போவதால் எண்ணிக்கையே விழ வேண்டும், அதுவும் மொத்தச் சந்தையில். இங்கே 10க்கு 6 பேர் அதே பொருளைத் திரும்ப வாங்குகிறார்கள். சரிவில் இருக்கும் பொருளை யாரும் இப்படி மாற்றி மாற்றி வாங்கமாட்டார்கள்.

கணக்குப்புலி
அப்போ கோட்டை எண்ணிக்கையில் வரைவதா, பணத்தில் வரைவதா? ஒவ்வொரு பாடப்புத்தகமும் "விற்பனை" என்று மட்டும் போட்டிருக்கிறதே.

வரைபடம்
விலை பெரிதாக மாறியிருந்தால் எண்ணிக்கையில் பார்ப்பது பாதுகாப்பு. விடையிலும் "எண்ணிக்கை அளவில்" என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் திருத்துபவருக்குக் குழப்பம் இருக்காது.

கடைசிபெஞ்ச்
கடைசி வரி இருக்கு! "இதே காலத்தில் மொத்தச் சந்தை 610 ஆயிரத்திலிருந்து 640 ஆயிரமாக உயர்ந்தது". 4ஆம் வருஷத்திலிருந்து 5க்கு. இது எதுக்குன்னே தெரியல, விட்டுட்டேன்.

வரைபடம்
அந்த ஒரு வரிதான் கேஸின் சாவி. சந்தை 4.9% வளர்ந்தது, நிறுவனம் 4.6%. பங்கு இரண்டு ஆண்டும் ஏறத்தாழ 17.7%. அதாவது நிறுவனம் மட்டும் மந்தமாகவில்லை, சந்தையே மந்தமாகிவிட்டது. அதனால் முதிர்ச்சி என்று துணிந்து எழுதலாம். அதே இடத்தில் சந்தை 30% வளர்ந்திருந்தால் கதை வேறு. பொருள் இன்னும் வளர்ச்சியில் இருக்கிறது, நம் பிராண்ட் மட்டும் பின்தங்குகிறது என்று எழுதியிருக்க வேண்டும். பலர் பிராண்டின் நோயைப் பொருளின் வயது என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள்.

சேவைத்துறை
எங்களுக்கு வந்த கேஸ் ஒரு உடற்பயிற்சிக் கூடம். நாலு பி எழுதுவதா, ஏழு பி எழுதுவதா? ஏழும் எழுதினேன், நேரம் போதவில்லை.

நாலுபி
மெக்கார்த்தி 1960இல் கொடுத்தது நாலு. ஆட்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என்ற மூன்றைச் சேவைகளுக்காக 1981இல் பூம்ஸும் பிட்னரும் சேர்த்தார்கள். சேவை என்றால் ஏழும் பொருந்தும். ஆனால் கேஸில் சாட்சி இல்லாத பி-யை இழுத்து எழுதாதீர்கள். பயிற்சியாளர்கள் அடிக்கடி விலகுகிறார்கள் என்று கேஸ் சொன்னால்தான் "ஆட்கள்" பற்றி எழுதப் பொருள் இருக்கும்.

கடைசிபெஞ்ச், நீங்கள் (ஆ)வுக்கு என்ன எழுதினீர்கள்?

கடைசிபெஞ்ச்
விழிப்புணர்வு விளம்பரம் அதிகமாக்கணும், சந்தை ஊடுருவல் விலை வைக்கணும், விநியோகத்தை விரிவாக்கணும், தரத்தை உயர்த்தணும்.

நாலுபி
மதிப்பெண் போன இடம் இங்கேதான் என்று நினைக்கிறேன். நாலும் எந்தக் கேஸுக்கும் பொருந்தும் வாக்கியங்கள். பல்துலக்கி என்ற சொல்லை எடுத்துவிட்டு சைக்கிள் என்று போட்டாலும் அப்படியே நிற்கும். விடையில் ஒவ்வொரு பி-க்கும் மூன்று துண்டு வேண்டும்: கேஸில் இருக்கும் ஒரு செய்தி, அதற்கான செயல், இந்த நிலையில் அது ஏன்.

விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10இல் 6 பேர் ஏற்கனவே வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு மின் பல்துலக்கி என்றால் என்ன என்று சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை மாற்றும்போது நம்முடையதை ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி என்பது இங்கே நேரடியாகப் பொருந்தும். விழிப்புணர்வு அறிமுக நிலையின் வேலை.

இடம்: மருந்துக்கடை மட்டும் என்று கேஸே சொல்லிவிட்டது. புதுப் பொருளாக இருந்தபோது நம்பிக்கைக்கு அது சரி. இப்போது எல்லோருக்கும் தெரிந்த பொருள். வாங்குபவர் பல்பொருள் அங்காடியிலும் இணையத்திலும் ஒப்பிட்டுத்தான் எடுப்பார். "விரிவாக்கணும்" என்று எழுதியது தப்பில்லை, எங்கிருந்து எங்கே என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள்.

பொருள்: தரம் என்று பொதுவாக வேண்டாம். குழந்தைகளுக்கு ஒன்று, ஈறு மென்மையானவர்களுக்கு ஒன்று என்று வகை பிரியுங்கள். கழற்றி மாற்றும் தூரிகைத் தலை வைத்தால் கருவி ஒருமுறை, தலை பலமுறை விற்கும்.

பழையபேனா
விலைக்கு வருவோம். முதிர்ச்சியில் போட்டியாளர் விலைக்கு ஈடாகவோ குறைவாகவோ வைக்க வேண்டும் என்பது பாலபாடம். எழுதினால் மதிப்பெண். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கணக்குப்புலி
இருக்கிறதே. 3ஆம் ஆண்டில் ஒரு பல்துலக்கிக்கு லாபம் 21 லட்சம் ÷ 90 ஆயிரம், ஏறத்தாழ 23. இப்போது 14 லட்சம் ÷ 113 ஆயிரம், ஏறத்தாழ 12. இன்னும் 10% விலை குறைத்தால் 7.5 போகும், மிச்சம் 5கூட இல்லை. அதே 14 லட்சம் வர 286 ஆயிரம் விற்க வேண்டும், இப்போதையதைப் போல் இரண்டரை மடங்கு. 5% வளரும் சந்தையில் எங்கே போவது?

பழையபேனா
நிலையான செலவு அதிக எண்ணிக்கையில் பரவும், அதனால் ஒன்றுக்கான செலவு குறையும் என்பதை மறந்துவிட்டீர்கள். அவ்வளவு விற்கத் தேவையில்லை.

கணக்குப்புலி
ஒப்புக்கொள்கிறேன், என் கணக்கு செலவு மாறாது என்று எடுத்துக்கொண்டது. ஆனால் நிலையான செலவு எவ்வளவு என்று கேஸ் சொல்லவில்லையே. நீங்களும் ஊகிக்கிறீர்கள்.

வரைபடம்
இரண்டு விடையும் செல்லும், காரணம் எழுதினால். நான் திருத்தினால், "விலை ஏற்கனவே 25% குறைந்து, ஒரு பல்துலக்கிக்கான லாபம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது, எனவே விலையைத் தொடாமல் தூரிகைத் தலைகளோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கலாம்" என்பதற்கு அதிகம் போடுவேன். கேஸின் எண்ணைத் தொட்டுப் பேசுகிறது. ஊடுருவல் விலை மட்டும் வேண்டாம். புதிய சந்தைக்குள் வேகமாக நுழையக் குறைந்த விலையில் தொடங்குவது அது. இவர்கள் உள்ளே வந்து ஐந்து ஆண்டாகிவிட்டது.

எதிர்க்குரல்
இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தான். 1976இலேயே தல்லாவும் யூஸ்பேயும் இந்தச் சுழற்சியையே மறந்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். முதிர்ச்சி வந்துவிட்டது என்று மேலாளர் விளம்பரத்தைக் குறைப்பார், அதனாலேயே விற்பனை விழும், பிறகு "பார்த்தீர்களா, சரிவு" என்பார்.

பழையபேனா
1965இல் லெவிட் இந்தச் சுழற்சியைப் பற்றி எழுதியதே, பொருள் முதிருமுன் புதுப் பயன், புது வாடிக்கையாளர் என்று முன்கூட்டித் திட்டமிட்டு அதை நீட்டிக்கத்தான். கருத்தில் பிழையில்லை, கையாள்பவரிடம் பிழை.

எதிர்க்குரல்
நடந்து முடிந்த பிறகுதான் எந்த நிலை என்று தெரியும் என்றால், முன்கூட்டி எப்படித் திட்டமிடுவது? நீங்கள் படத்தை நிதானமாகப் பார்க்கச் சொன்னீர்களே, அந்தப் படத்தில் "இப்போது இங்கே நிற்கிறீர்கள்" என்று அம்பு போட்டிருக்காது.

சேவைத்துறை
அப்புறம் முதிர்ச்சிக்கும் சரிவுக்கும் நடுவில் தேக்க நிலை என்று ஐந்தாவது ஒன்று உண்டா? எங்கள் குறிப்பில் இருக்கிறது.

நாலுபி
சிலர் தனியாகக் காட்டுவார்கள், சிலர் முதிர்ச்சிக்குள்ளேயே வைப்பார்கள். உங்கள் பாடத்திட்டம் எத்தனை நிலை சொல்கிறதோ அத்தனை. ஐந்து என்றால்கூட இந்தக் கேஸ் தேக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்பேன், 4.6% கூடுகிறதே.

பழையபேனா
தேக்கம் என்றே நான் எழுதுவேன். 10க்கு 6 பேர் மாற்றி வாங்குகிறார்கள், புது ஆள் வருவது குறைவு.

கடைசிபெஞ்ச்
கிடைச்சது! திருத்தின தாளை மறுபடி பார்த்தேன். (அ)வுக்கு 3க்கு 0, (ஆ)வுக்கு 3. "இடம்" பக்கத்துல "எந்தக் கடை?"ன்னு சிவப்பு மையில எழுதியிருக்காங்க, இப்பதான் புரியுது. விலைக்கு எது எழுதறதுன்னு இன்னும் தெரியல, தொகுப்பு விற்பனையே எழுதறேன். இப்போ படிக்கப் போறேன்.

கணக்குப்புலி
போகும் முன் ஒன்று: வளர்ச்சி வீதம் போடும்போது எப்போதும் முந்தைய ஆண்டால் வகு. 113ஆல் வகுத்தால் 4.4 வரும், அவசரத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.