புதுப்பிப்பு: ரெஸ்நெட்-20 லொத்தர் டிக்கெட், 500ஆவது படிக்குத் திருப்பியதும் சரிவந்தது

ரெஸ்நெட்-20 என்ற நரம்பு வலையமைப்புக்குள் லொத்தர் டிக்கெட், அதாவது தனியே பயிற்றினாலும் முழு வலையமைப்பின் துல்லியத்தைத் தரும் சிறு பகுதி, தேடும்போது நான் இங்கே கேட்ட கேள்வி: "80 வீதத்துக்கு மேல் எடைகளை வெட்டிவிட்டுத் தொடக்க எடைகளிலிருந்து திரும்பப் பயிற்றினால் துல்லியம் ஏன் விழுது?"

எல்லாருக்கும் நன்றி. கல்முனை அண்ணன் சொன்னதுதான் சரி. கற்றல் வேகம் 0.1 என்றால் ஆரம்பத்துக்கே திருப்பக்கூடாது, 500ஆவது படியில் சேமித்த எடைகளுக்குத் திருப்ப வேணும். சுற்றுக்கு மிஞ்சியதில் 20 வீதம் வெட்டினேன். எட்டுச் சுற்று முடிய 17 வீதம்தான் மிச்சம், துல்லியம் முழு வலையமைப்புக்குச் சமம்.

களுவாஞ்சிக்குடி தங்கச்சி சொன்ன கற்றல் வேகம் 0.01உம் வேலை செய்யுது, ஆனால் அதில் முழு வலையமைப்பின் துல்லியமே கீழே நிற்குது.

அக்கரைப்பற்றுத் தம்பி, இப்பிடி வெட்டுவதால் உங்கட போன் செயலி வேகமாகாது, வெட்டிய எடைகள் பூச்சியமாய் அங்கேயே இருக்கும், கணக்கில் அவையும் பெருக்கப்படும்.

எதிர்பாராதது: பைடோர்ச்சில் வெட்டியபின் எடை `weight_orig` இல் இருக்கும். வெட்ட முதல் சேமித்த பழைய கோப்பை `strict=False` போட்டு ஏற்றினால் அந்த எடைகளைச் சத்தமில்லாமல் தவறவிடும். அதனால் 500ஆவது படியில் சேமித்த எடையான `w500` ஐ நேராக நகலெடுக்க வேணும்:

```
conv.weight_orig.data.copy_(w500)
```

500ஐ விடக் குறைவான படி போதுமா என்று இன்னும் பார்க்கவில்லை.