பொருள்: 'ரிவர்ஸ் சியர்' – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மீனாட்சி:
அன்புள்ள குழுவினருக்கு, சமையற்கலை மாணவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. நாலு செ.மீ. கனமுள்ள மாட்டிறைச்சி ஸ்டேக். முந்தின இரவே உப்புத் தடவி, மூடாமல், கம்பித்தட்டில் வைத்து ஃபிரிட்ஜில். மறுநாள் 120 டிகிரி ஓவனில், நடுப்பகுதி 46 டிகிரி ஆகும்வரை, சுமார் அரை மணி. பிறகு புகை கிளம்பும் இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குள். முடிவில் நடு 54. வழக்கமாகச் சட்டி முதலில், ஓவன் பிறகு. இங்கே வரிசை மாறுகிறது. 'தலைகீழ் வறுவல்' என்று போட்டேன். "தலைகீழாக எப்படி வறுப்பது?" என்று மெய்ப்புப் பார்ப்பவர் கேட்கிறார்.

இராமலிங்கம்:
வறுவல் கூடவே கூடாது அம்மா. பொருநராற்றுப்படையில் 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' இருக்கிறதே. கம்பியில் கோத்துச் சுட்டது, ஆகவே சுடல். குறை என்றால் வெட்டிய துண்டு, எனவே ஸ்டேக்குக்குக் 'கொழுங்குறை' என்ற சொல்லே கிடைத்துவிட்டது. அடுத்து வருவது 'ஊழின் ஊழின் வாய்வெய் தொற்றி'. சூடு தாங்காமல் வாயில் இப்படியும் அப்படியும் ஒதுக்கித் தின்கிறார்கள். சுடு நீண்டு சூடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'பின்சூடு' என்று வையுங்கள்.

செல்வம்:
இதற்கா இத்தனை? குக்கரில் நாலு விசில் விட்டு, அப்புறம் சட்டியில் போட்டுப் பிரட்டினால் மட்டன் சுக்கா. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கிறது. 'சுக்கா முறை' என்று எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

கதிர்:
செல்வம் அண்ணே, வரிசை ஒன்றுதான், வேலை வேறு. குக்கரில் கறி நூறு டிகிரிக்கு மேல் போய் நார் கரைந்து மெத்தாகிறது. இங்கே நடுப்பகுதி 54-ஐத் தாண்டவே கூடாது. ஓவன் செய்யும் பெரிய உபகாரம், மேற்பரப்பை உலர்த்துவது. ஈரத்தோடு சட்டியில் போட்டால் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் போய்விடும். மேலே சிவப்பதற்குள் உள்ளே விரற்கடை அளவு சாம்பல் நிற வளையம் விழுந்துவிடும். உலர்ந்த துண்டு போட்டவுடன் சிவக்கும், வெட்டினால் ஓரம்வரை ஒரே இளஞ்சிவப்பு. எனவே பெயரில் 'கடைசியில் சுடுவது' தெரிய வேண்டும். 'வாட்டல்' வேண்டாம், அது வாழையிலைக்கு.

ஐயா, பின்சூடு 'பிறகு வரும் சூடு' மாதிரி இருக்கிறது. அடுப்பை விட்டு எடுத்த பிறகும் உள்ளே சூடு ஏறுமே, அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்கர்:
முதலில் சுட்டால்தானே சாறு உள்ளே அடைபடும்? அதைக் கடைசிக்குத் தள்ளினால் சாறு ஓடிவிடாதா? 'அடைப்புச் சுடல்' பொருத்தம் என்பேன்.

கதிர்:
சாறு அடைபடும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் பரப்பிய எண்ணம். சுட்ட பிறகும் சட்டியில் 'சுர்' என்று கேட்கிறதே, அது வெளியே வரும் சாறுதான். சுடுவது மணத்துக்கும் மொறுமொறுப்புக்கும். தவறான கருத்தைப் பெயரில் பூட்டினால் மாணவர் அதையே படிப்பார்கள்.

யாழினி:
எங்கட பக்கம் பேக்கரியை வெதுப்பகம் எண்டுதான் சொல்லுறது. 'வெதுப்பிச் சுடல்' எண்டால் எது முதல், எது பிறகு எண்டு சொல்லிலேயே விளங்கும்.

பாஸ்கர்:
வெதுப்பி என்றால் ஓவனுக்கும் பெயராச்சே. 'ஓவனில் சுடுவது' என்று படிப்பார்கள். பேசாமல் 'ரிவர்ஸ் சியர்' என்றே விட்டால் சமையலறையில் ஒருவரும் குழம்ப மாட்டார்கள்.

இராமலிங்கம்:
விட்டால் தோசைக்கும் ஆங்கிலம் கேட்பீர்கள். 'பின்சுடல்' வைப்போம், புணர்ச்சியில் பிற்சுடல். பொன்+குடம் பொற்குடம் ஆனதுபோல.

மீனாட்சி:
பிற்சுடலுக்கு நாலு பேர் தலையாட்டியாயிற்று. அதையே தலைப்பில் போட்டு, அடைப்புக்குறியில் ரிவர்ஸ் சியர். கொழுங்குறை வேண்டாம் ஐயா, ஸ்டேக் ஸ்டேக்காகவே இருக்கட்டும். கதிர், மாணவர் கையில் இரண்டு செ.மீ. துண்டுதான் இருந்தால்?

கதிர்:
வேண்டாம் அக்கா. சட்டியில் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே நடுவும் வெந்துவிடும். முதலில் ஓவனில் வைத்த பயன் போய்விடும். மெலிந்ததை நேரே சட்டியில் சுடச் சொல்லுங்கள். அரை மணி என்பதையும் தடித்த எழுத்தில் போடாதீர்கள். ஓவனுக்கு ஓவன் மாறும். இருபதாம் நிமிடத்திலிருந்தே வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுவரை செருகிப் பார்க்க வேண்டும். 46-ல் எடுக்காமல் 52 வரை விட்டால் முடிவில் 60 பக்கம் போகும். இன்னொன்று, அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். 54 அதற்குக் கீழே என்பதை அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இராமலிங்கம்:
பிற்சுடலுக்குச் சம்மதம். கொழுங்குறையைக் கைவிட்டதற்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.

யாழினி:
வெதுப்பிச் சுடலுக்கும் ஒரு மறுப்பு சேர்த்துக்கொள்ளுங்கோ.