மாஸ்டர், ஒக்ரோபர் 24, 31 இரண்டையும் யூலை 17 வரை எங்களுக்காக வைத்திருக்க முடியுமா?

செயலாளர், லண்டன்:

மதிப்புக்குரிய மாஸ்டர், வணக்கம்.

2026 ஒன்றுகூடலில் எங்கட பாடசாலையின் பழைய காலத்தைப் பற்றி நீங்களே வந்து பேசவேணும் என்று நிர்வாகசபையில் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். மண்டபம் இன்னும் உறுதியாகாததால் முறையான அழைப்பை இப்போது அனுப்ப முடியவில்லை. ஒக்ரோபர் 24, 31 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளையும் யூலை 17 வெள்ளிக்கிழமை வரை வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பீர்களா என்று மட்டும் இப்போது கேட்கிறேன்.

ஏன் இந்த இரண்டு நாள்? ஒக்ரோபர் 17 நவராத்திரிக்குள் வருகிறது. அன்றைக்குத் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் எங்கட ஆட்களை விடமாட்டா. நவம்பர் 8 தீபாவளி, அதைத் தொட்டுக் கந்தசஷ்டி, அதற்குப் பிறகு மாவீரர் வாரம். இடையில் மிஞ்சுவது இவை இரண்டும்தான்.

ஹரோப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபம் கேட்டிருக்கிறோம். தங்கட சொந்த நிகழ்ச்சிகளின் திகதிகளை எழுதி முடித்த பிறகுதான் வெளியாருக்குப் பதில் தருவார்கள். யூலை 10க்குள் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு கிழமை பிந்தினாலும் 17. அதைத் தாண்டினால் கோடை விடுமுறை, செப்ரெம்பர் வரை கந்தோரில் பதில் சொல்ல ஆள் இராது. அவ்வளவு காலம் உங்களைக் காத்திருக்க வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அதுவரை ரிக்கெற் வாங்கவேண்டாம். அந்த நாட்களுக்கு யாரும் உறுதியான அழைப்போடு வந்தால் அவர்களுக்கு மறுமொழி சொல்லமுதல் எனக்கு ஒரு கோல் எடுங்கோ. இரண்டு நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்வோம். 17ஆம் திகதி இரவுக்குள் என்னிடமிருந்து மடல் வராவிட்டால் இரண்டு நாளும் உங்களுடையவை, என்னைக் கேட்கத் தேவையில்லை. மண்டபக் கடிதம் கைக்கு வரும்வரை உங்கள் பெயர் எந்த அறிவித்தலிலும் வராது.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்:

தம்பி, ஏன் இவ்வளவு பயம்? மாஸ்டர் இப்பவே ரிக்கெற்றைப் போடட்டும். 24 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் முழுக்காசும் திரும்ப வரும், சட்டமே இருக்கிறது. மற்றது, அந்தக் கிழமை அங்கே பள்ளி விடுமுறை. மண்டபம் சும்மாதானே கிடக்கும்?

சூரிச்சிலிருந்து அக்கா:

சந்தோஷம் தம்பி! 24ஆம் திகதி என்று இங்கே எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஆறு குடும்பம் வருகுது. சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? முந்தி இங்கே ஒருமுறை மண்டபம் கிடைக்கமுதல் நோட்டீஸ் அடிச்சு, கடைசியில் திகதி மாறி, பாட வந்த பிள்ளை பழைய திகதியிலேயே வந்து நின்றது. அதனால் சொல்லுறன், சாப்பாட்டை நேரத்தோடு ஒழுங்குபடுத்துங்கோ.

செயலாளர்:

அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளைக்கு நடந்தது மாஸ்டருக்கு நடக்கக்கூடாது என்றுதான் இந்த மடலே. 24 இன்னும் முடிவில்லை. தயவுசெய்து ஆறு குடும்பத்துக்கும் இன்றைக்கே திரும்பச் சொல்லுங்கோ: “24 அல்லது 31, யூலை 17இல் தெரியும்.” இரண்டு திகதியையும் சேர்த்தே சொல்லவேணும். ஒன்றை மட்டும் சொன்னால் அதுதான் மனதில் நிற்கும். சாப்பாட்டுக்காரருக்கும் மண்டபம் வந்த பிறகுதான் சொல்லுவோம்.

அண்ணை, நீங்கள் சொல்லும் 24 மணித்தியாலச் சட்டம் அமெரிக்காவுக்கு வந்துபோகும் பயணங்களுக்கு. அதிலும் புறப்பட ஏழு நாளாவது இருக்கவேணும், விமான நிறுவனத்திடம் நேரே வாங்கியிருக்கவேணும். மாஸ்டர் ரொறன்ரோவிலிருந்து நேரே லண்டன் வருகிறவர். அங்கேயும் சில நிறுவனங்கள் அப்படி விடுகின்றன, ஆனாலும் ஒரு நாள் எங்களுக்குக் காணாது. எங்களுக்கு வேண்டியது கிழமைக் கணக்கு.

விடுமுறையைப் பற்றிச் சொன்னது பாதி சரி. 24 விடுமுறை தொடங்கும் சனி, 31 முடியும் சனி. பிள்ளைகள் இல்லை என்பது உண்மை. ஆனால் கதவு திறக்கவும் பூட்டவும் காவலாளர் வேணும், அவருக்கும் அந்தக் கிழமைதான் லீவு. தரை மினுக்குகிற வேலையையும் பல பாடசாலைகள் விடுமுறையில்தான் வைக்கும். பதில் பிந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிட்னியிலிருந்து தம்பி:

அண்ணை, ஒன்று கவனிச்சீங்களா? லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நேர வித்தியாசம் இரண்டு சனியிலும் ஒரே அளவில்லை. ஒக்ரோபர் 25 அதிகாலை லண்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். ரொறன்ரோவில் நவம்பர் 1தான். ஆகவே லண்டன் பின்னேரம் 5 மணி என்பது 24இல் ரொறன்ரோவில் நண்பகல் 12, 31இல் பிற்பகல் 1. மாஸ்டரின் பேத்தியும் அங்கேயுள்ள மற்றவர்களும் நேரலையில் பார்க்க நினைத்து இரண்டு நாளுக்கும் 12 என்று எழுதி வைத்தால், ஒரு நாள் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வந்து காத்திருப்பார்கள். எங்களுக்கு ஞாயிறு அதிகாலை 3 அல்லது 4, நான் முழிச்சிருப்பன்.

லண்டன் நேரத்தோடு கட்டி இரண்டு கலண்டர் குறிப்பு செய்து அனுப்புகிறேன். 24க்கானதில் முக்கியமான வரிகள் இவை:

```
DTSTART;TZID=Europe/London:20261024T170000
STATUS:TENTATIVE
```

இரண்டாவது வரிதான் முடிவாகவில்லை என்பதைச் சொல்லும். ஆனால் எல்லாருடைய ஃபோனும் அதைத் தெளிவாகக் காட்டாது. அதனால் தலைப்பிலேயே “முடிவாகவில்லை, யூலை 17 வரை” என்று எழுதியிருக்கிறன்.

மாஸ்டர், ரொறன்ரோ:

அன்புத் தம்பி,

நல்ல ஒழுங்காகக் கேட்டிருக்கிறாய். 31ஐ மனமுவந்து வைத்திருக்கிறேன். 24 கொஞ்சம் சிக்கல். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் பழைய மாணவர்கள் அன்று ஒரு நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் மண்டபம் இன்னும் சரிவரவில்லையாம். யூலை முதற்கிழமை சொல்வார்கள். அவர்கள்தான் முதலில் கேட்டவர்கள், அவர்களைத் தள்ளிவிட்டு உனக்கு இடம் கொடுக்க மாட்டேன். அவர்களுக்குச் சரிவந்தால் அன்றே உனக்கு அறிவிப்பேன். அப்போது 24ஐ உன் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. சரிவராவிட்டால் அதுவும் 17 வரை உனக்குத்தான்.

கனடாப் பாஸ்போட்டுக்கு இப்போது பிரித்தானியாவின் மின்னணு அனுமதி வேண்டுமென்று மகள் சொன்னாள். அதைத் திகதிக்குக் காத்திராமல் எடுக்கலாம்தானே? எடுத்து வைக்கிறேன். எனக்கு முழங்கால் சரியில்லை. மண்டபம் மேல்மாடி என்றால் இப்போதே சொல்.

செயலாளர்:

மிக்க நன்றி மாஸ்டர். 31ஐ உங்களிடம் கேட்டு வைத்த நாள் என்றும், 24ஐ மார்க்கத்துக்கு அடுத்தபடி என்றும் குறித்துக்கொண்டேன். பாடசாலைக்கும் இன்றே எழுதுகிறேன், இரண்டில் 31ஐ முதலில் பார்க்கச் சொல்லி. அனுமதியை இப்போதே எடுக்கலாம், அது இரண்டு வருடம் செல்லும். இடையில் பாஸ்போட் காலாவதியானால் அதோடு முடிந்துவிடும் என்பதால் அந்தத் திகதியை ஒருக்கால் பாருங்கோ. மண்டபம் நிலமட்டம். மேடைக்கு நாலு படி இருக்கு. நீங்கள் கீழேயே கதிரையில் இருந்து பேசலாம், மைக்கை அங்கே கொண்டுவருவோம்.

பொருளாளர், லண்டன்:

ஒரு விஷயம் நிர்வாகசபைக்கு. சட்பரிப் பக்கம் ஒரு சமூக மண்டபம் 31க்குத் தர ஆயத்தம். ஆனால் முற்பணம் திரும்பாது. பாடசாலை இல்லையென்றால் கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று கட்டுவதா, சங்கக் காசை அப்படிப் போடக்கூடாது என்று விடுவதா? எனக்கு விட விருப்பம். மாஸ்டர் ஒரு நாளை எங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கும்போது எங்கட பக்கத்தில் ஒன்றும் போடாமல் இருப்பது சரியா என்றும் யோசனையாக இருக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதல் உங்கள் எண்ணத்தை எழுதுங்கோ.