ஒரே பிரிண்டர், 36 மாணவர்கள்: தலைமையாசிரியருக்கு என்ன எழுதுவது?

கணித ஆசிரியை: எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முப்பரிமாண பிரிண்டர், நான்கு கணினிகள், ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு வடிவமைப்புப் பாடம் என்று சிறு பட்டறை ஒன்றை அமைக்கக் கோரிக்கை எழுதுகிறேன். 36 பேருக்கு ஒரு பிரிண்டர் போதுமா என்றுதான் தலைமையாசிரியர் முதலில் கேட்பார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: போதாது, அம்மா. ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றாலே 72 மணி நேரம் ஆகும். டிங்கர்கேட் என்ற வடிவமைப்பு மென்பொருள் இணையம் இல்லாமல் இயங்காது என்பதால் பாடமும் நடக்காது. அந்தப் பணத்துக்கு நுண்ணோக்கிகள் வாங்கலாம்.

பட்டறை நடத்துபவர்: டிங்கர்கேட் பற்றி ஐயா சொல்வது சரி, ஆனால் ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இணையமின்றி இயங்கும், கற்பிக்கத்தான் கூடுதல் நாள் பிடிக்கும். நேரக் கணக்கை மாற்ற வழி இருக்கிறது. மூவருக்கு ஒரு பொருள் என்றால் 12 பொருள்கள். ஒவ்வொன்றும் 20 கிராமுக்கும் 90 நிமிடத்துக்கும் மிகக்கூடாது என்று கோரிக்கையிலேயே எழுதுங்கள். அச்சிடும் முன்பே ஸ்லைசர் மென்பொருள் இரண்டையும் காட்டிவிடும். மொத்தம் 18 மணி நேரம். நாள்தோறும் நீங்கள் அருகில் இருக்கும் மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டினாலும் ஆறு நாளில் முடியும். பொருள்களுக்கான 240 கிராம் பிளாஸ்டிக் இழையோடு, கெட்டுப்போவதற்கு 60 கிராம் சேர்த்தாலும் ஒரு கிலோச் சுருள் மூன்று சுற்றுக்கு வரும்.

பேனாத்தாங்கி வேண்டாம். ஆய்வகத் தாங்கியின் உடைந்த திருகுப்பிடி போன்றவற்றை வெர்னியர் அளவியால் அளந்து வரையச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பிக்கு 8 மில்லிமீட்டர் துளை வரைந்தால் கம்பி நுழையாது, ஏனெனில் அச்சில் துளை சற்றுச் சுருங்கியே வரும். முதலில் துளையுள்ள ஒரு சிறு வளையத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்து, எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

இயற்பியல் ஆசிரியர்: எங்கள் பள்ளியில் நான்கு மணி நேர அச்சு ஒன்று மூன்றாம் மணி நேரத்தில் மின்வெட்டால் நின்றது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் பொருள் அச்சிடும் தட்டைவிட்டுப் பெயர்ந்திருந்ததால் நூல்சிக்கல்தான் மிஞ்சியது. பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனபின் அந்த பிரிண்டர் அலமாரியில் இருக்கிறது. மின்வெட்டைச் சமாளிக்க யூ.பி.எஸ். கேளுங்கள்.

பட்டறை நடத்துபவர்: தட்டு ஆறினால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும், தொடரும் முன் பொருளைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தட்டைச் சூடாக்கவே மின்சாரம் நிறையச் செலவாவதால் கணினிக்கான சிறு யூ.பி.எஸ். வெகுநேரம் தாங்காது. 90 நிமிட வரம்பு இதற்கும் உதவும், ஏனெனில் கெட்டாலும் இழப்பு ஒரு பொருளோடு நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: கணக்கை ஏற்கிறேன். ஆனால் அலமாரிக்குப் போன அந்த பிரிண்டருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த அம்மாவுக்கு மாறுதல் வந்தால் இழை வெளிவரும் நாசில் அடைத்துக்கொண்டால் அதை யார் சுத்தம் செய்வார்?

கணித ஆசிரியை: வரம்பையும் வளையச் சோதனையையும் சேர்த்துவிட்டேன், ஐயா. இரண்டாவது பொறுப்பாளராக இருக்க அறிவியல் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுத்தான் நாளை கொடுக்கிறேன்.