காங்கேயம் தோட்டப் பயணம்: நாலாம் வகுப்புப் பெற்றோருக்குப் புதுப்பிப்பு

“டீச்சர், செருப்புப் போட்டு அனுப்பலாங்களா? தயிர்சாதம் மதியம் வரைக்கும் தாங்குங்களா?”

ஷூதாங்க வேணும். போற இடம் மாடு மேய்கிற கொறங்காடு, வெள்வேல மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிடும். மாடு வளர்க்கும் ஒரு அப்பா, முழுக்கால் பேண்டும் போடச் சொன்னார்: கிளுவை வேலி கீறும், புல்லில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் காது மடல், முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுங்கள் என்றார். வெயிலுக்குக் கையில்லாத சட்டைதான் நல்லது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார், பருத்தி என்பது சரி, ஆனால் முழுக்கை இருந்தால்தான் தோல் கருகாது.

தயிர்சாதம் தாங்கும், சாதத்தை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால். சூட்டோடு டப்பாவை மூடினால் பத்து மணிக்கே புளிப்பு வாடை வரும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் கறந்த பாலை அப்படியே குடிக்கத் தர மாட்டோம், காய்ச்சித்தான். கன்றுக்குட்டியைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டப்பா திறக்க வேண்டும்.

அப்புறம், வாட்ஸப்பில் “ஓகே” போட்டால் அனுமதி ஆகாதுங்க. அனுமதிச் சீட்டில் கையெழுத்து, பகலில் எடுக்கிற போன் நம்பர், ஒவ்வாமை அல்லது இன்ஹேலர் விவரம் மூன்றும் வேணும். பஸ்ஸில் மகனுக்கு வாந்தி வரும் என்று கேட்ட அம்மாவுக்கு முன் சீட் தருகிறேன், மாத்திரை விஷயம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இளநீருக்குத் தனிக்காசு வாங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.